ஆறு மதிப்பெண் வித்தியாசம் எப்போது நிஜ வித்தியாசம்?

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். காலாண்டுத் தேர்வில் ‘அ’ பிரிவின் கணக்குச் சராசரி 67. அவர் எடுக்கும் ‘ஆ’ பிரிவின் சராசரி 61. இரண்டிலும் 32 பேர். ஆசிரியர் கூட்டத்தில் இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதி, ஆறு மதிப்பெண் எங்கே போயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். “இது என் பாடம் நடத்தும் முறையில் உள்ள குறையா, வெறும் தற்செயலா? எப்படிச் சொல்வது?” என்பது அவர் கேள்வி.

இதற்கு விடை காண மேல்படிப்புக் கணிதம் வேண்டாம். துண்டுச்சீட்டும் ஒரு பாத்திரமும் போதும். அந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் 32 பேரை மறந்துவிட்டு, பிரிவுக்கு நான்கே பேர் என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ பிரிவில் 58, 64, 71, 75. கூட்டினால் 268, சராசரி 67. ‘ஆ’ பிரிவில் 55, 60, 62, 67. கூட்டினால் 244, சராசரி 61. வித்தியாசம் அதே ஆறு.

இப்போது பிரிவுக்கும் மதிப்பெண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 71 எடுத்த பிள்ளை எந்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் 71தான் எடுத்திருக்கும். அப்படியானால் ‘அ’, ‘ஆ’ என்பவை வெறும் ஒட்டுச்சீட்டுகள், அவற்றைக் கலைத்து ஒட்டினாலும் எதுவும் கெட்டுவிடாது. எட்டு மதிப்பெண்களையும் எட்டுச் சீட்டுகளில் எழுதிப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்குங்கள். பார்க்காமல் நான்கை எடுத்து ‘அ’ என்று வையுங்கள், மீதி ‘ஆ’. இரண்டு சராசரிகளுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பக் குலுக்குங்கள்.

எட்டில் நான்கை எடுக்க மொத்தம் 70 வழிகள்தான். ஒரு மாலை நேரத்தில் அத்தனையையும் தாளில் எழுதிவிடலாம். ‘அ’ பக்கம் 64, 67, 71, 75 நான்கும் சேர்ந்துவிட்டால் வித்தியாசம் 10.5 வரை போகும், அதுதான் உச்சம். ‘அ’ ஆறோ அதற்கு மேலோ முந்தியிருக்கும் பிரிப்புகளை எண்ணினால் பத்து வருகின்றன. ‘ஆ’ அதே அளவு முந்துபவையும் பத்து. ஆக 70இல் 20. யாரும் எதுவும் செய்யாமலேயே, சீட்டைக் குலுக்கிய மாத்திரத்தில், நூற்றுக்கு 29 தடவை ஆறு மதிப்பெண் வித்தியாசம் வந்து நிற்கிறது!

அந்த 29 சதவீதத்தைத்தான் புள்ளியியலில் பி மதிப்பு என்கிறார்கள். இந்த எண் ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால், வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்கக் கூடாது என்பது நெடுநாள் வழக்கம். அந்த ஐந்து இயற்கை விதியல்ல, வசதிக்காகப் போட்ட கோடு. நான்கு பேர் உள்ள பிரிவுகளில் அந்தக் கோட்டைத் தாண்ட ஒரே வழிதான் உண்டு. ஒரு பிரிவின் கடைசி மாணவர்கூட மற்றப் பிரிவின் முதல் மாணவரை விட அதிகம் எடுத்திருக்க வேண்டும். அப்போது 70இல் 2, அதாவது 2.9 சதவீதம். அதற்கு அடுத்த நிலையே 70இல் 4, அதாவது 5.7 சதவீதமாகிக் கோட்டுக்கு மேலே போய்விடும். சின்னக் குழுவை வைத்து ஏன் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டியது வேறில்லை.

சரி, பிரிவுக்கு 32 பேர் என்றால்? பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கை கோடி கோடிகளைத் தாண்டிவிடும், எழுதி மாளாது. கணினியில் பத்தாயிரம் தடவை குலுக்கினாலே தேவையான துல்லியம் கிடைக்கும். கணினி இல்லாத காலத்தில் இதற்கு ஒரு குறுக்குவழி தேவைப்பட்டது. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், குறைந்த மாதிரிகளை வைத்து முடிவெடுக்க வழி தேடி, 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய டி சோதனை.

குறுக்குவழி எவ்வளவு நம்பகமானது? 1935இல் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் அதைச் சோதித்துப் பார்த்தார். சார்லஸ் டார்வின் வளர்த்த 15 ஜோடி மக்காச்சோளச் செடிகளின் உயரங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் இடம் மாற்றினால் வரக்கூடிய 32,768 வழிகளையும் கணக்கில் எடுத்தார். முழுதாக எண்ணியதில் கிடைத்தது 5.27 சதவீதம், டி சோதனை தந்தது 4.97. இவ்வளவு அருகில் வருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை. அதே இரண்டு எண்களும் ஐந்து என்ற கோட்டுக்கு இருபுறமும் விழுந்திருப்பதையும் பாருங்கள். அந்தக் கோட்டை ரொம்பவும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் ஆசிரியையின் கணக்குக்கு அந்த டி சோதனையையே போட்டுப் பார்ப்போம். அவரிடம் திட்ட விலக்கத்தைக் கேட்டேன். பத்தாம் வகுப்புப் பாடத்தில் வருவதுதான், மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய 15 என்றார். 15ஐ வர்க்கப்படுத்தி 32ஆல் வகுத்து, இரு பிரிவுக்கும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 3.75. தற்செயலாக மட்டுமே இரண்டு சராசரிகளுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய இவ்வளவு தள்ளாடும் என்று பொருள். ஆறை 3.75ஆல் வகுத்தால் 1.6. இந்த அளவு வகுப்புகளுக்கு அது இரண்டைத் தொட்டால்தான் ஐந்து சதவீதக் கோடு. 1.6 என்றால் நூற்றுக்குப் பதினொரு தடவைக்கும் மேல் தானாகவே வரக்கூடிய வித்தியாசம்.

திட்ட விலக்கம் 15க்குப் பதில் 8 என்று இருந்திருந்தால்? அதே சராசரிகள், அதே 32 பேர், அதே ஆறு மதிப்பெண். ஆனால் தள்ளாட்டம் 2 ஆகக் குறையும், விடை 3 வரும், தற்செயல் என்று சொல்லவே முடியாது. பலகையில் சராசரியை மட்டும் எழுதியவர்கள் இந்த இரண்டு நிலைமைகளையும் பிரித்துப் பார்த்திருக்கவே முடியாது. சிதறலைச் சொல்லாமல் சராசரியை வைத்து ஓர் ஆசிரியரைக் கேள்வி கேட்பது அநியாயம் என்று நான் அழுத்தமாக நம்புகிறேன்.

கையால் போட வேண்டாம் என்றால், விரிதாளில் ஒரு பத்தியில் ஒரு பிரிவு என்று மதிப்பெண்களை இட்டு இதைத் தட்டினால் பி மதிப்பு வந்துவிடும்:

```
=T.TEST(A2:A33,B2:B33,2,3)
```

அந்த 2, வித்தியாசம் எந்தப் பக்கம் வந்தாலும் கணக்கில் கொள் என்பதற்கு. 3, இரண்டு பிரிவின் சிதறலும் சமமாக இருக்கத் தேவையில்லை என்பதற்கு.

வரும் எண்ணைப் படிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பதினொரு சதவீதம் என்றால் ‘தற்செயலாக இருக்க வாய்ப்பு பதினொரு சதவீதம்’ என்று பொருளல்ல. தற்செயல் மட்டுமே வேலை செய்தால், இத்தனை பெரிய வித்தியாசம் எத்தனை தடவை வரும் என்பதே அது. இரண்டு பிரிவும் சமம் என்று நிரூபணம் ஆகிவிட்டது என்றும் கொள்ளக் கூடாது. வித்தியாசம் இருந்தாலும், இருக்கிறது என்று சொல்ல இந்த ஒரு தேர்வு போதவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று. பி மதிப்பு மிகச் சிறியதாக வந்திருந்தாலும், காரணம் ஆசிரியர்தான் என்று ஆகாது. குலுக்கிப் பிரித்த பிரிவுகளுக்குத்தான் இந்தச் சோதனை காரணத்தைப் பற்றிப் பேச முடியும். பள்ளியில் யாரும் பிள்ளைகளைக் குலுக்கிப் போடுவதில்லை. முந்தைய மதிப்பெண், பயிற்று மொழி, எந்த ஊர்ப் பேருந்தில் வருகிறார்கள் என்றெல்லாம் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள்.

ஆகவே அவரிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறேன். அதே 64 பேரும் ஒன்பதாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வில் எடுத்த கணக்கு மதிப்பெண்ணை எடுத்து, ஒவ்வொருவருக்கும் இப்போதைய மதிப்பெண்ணிலிருந்து அதைக் கழிக்கச் சொன்னேன். பிரிக்கும்போதே இருந்த ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதி அதில் போய்விடும். பொதுவாகச் சிதறலும் குறையும், அதனால் சின்ன வித்தியாசம்கூடக் கண்ணுக்குப் படும். பாத்திரத்தில் போட்டுக் குலுக்க வேண்டியது அந்த 64 எண்களைத்தான்.