பச்சைத் தெறிப்பு: சொல் விளக்கம்

பச்சைத் திரைக்கு முன் ஒருவரைப் படம்பிடித்து, பிறகு அந்தப் பச்சையை நீக்கி வேறு பின்னணியைச் சேர்த்தால், உடல் சுத்தமாக வந்துவிடும். தலைமுடி மட்டும் சண்டித்தனம் செய்யும். முடியின் ஓரமெல்லாம் பாசி பிடித்ததுபோல் ஒரு பச்சை நிற்கும். ஆங்கிலத்தில் அதற்கு ஸ்பில் என்று பெயர். திருமண வீடியோ தொகுப்பவர்கள் 'முடியில் பச்சை அடிக்கிறது' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பேச்சுக்கு அது போதும். எழுதிச் சொல்லிக்கொடுக்க ஒரு பெயர்ச்சொல் வேண்டும்.

ஸ்பில் என்ற வினை பழைய ஆங்கிலத்தில் அழித்தல், கொல்லுதல் என்ற பொருளில் வழங்கியது. பிறகு இரத்தம் சிந்துதலைக் குறித்து, அதன்பின் எந்த நீர்மமும் கொட்டுவதைக் குறிக்கலாயிற்று. மேடை ஒளியமைப்பில், குறித்த இடத்தைத் தாண்டி விழும் வெளிச்சத்துக்கும் இதே சொல்தான். எனவே 'சிந்தல்' என்று நேராகப் பெயர்க்கலாம். ஆனால் சிந்தியது விழுந்த இடத்திலேயே கிடக்கும். இங்கே வெளிச்சம் துணியில் விழுந்து, அதன் நிறத்தை வாங்கிக்கொண்டு, எகிறி வந்து முடியில் படுகிறது. 'கசிவு' என்பவர்களும் உண்டு. அதைக் கேட்பவர் எங்கோ ஓட்டை இருக்கிறதென்று தேடுவார். 'சிதறல்' என்பது ராமன் விளைவைச் சொல்லும்போது இயற்பியல் பயன்படுத்தும் சொல். அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

எனக்குப் பொருத்தமாகப் படுவது 'தெறிப்பு'. நம் பாடநூல்கள் ஒளி எதிரொளிப்பு என்று எழுதுவதை, தனுஷ்கோடிக்கு அக்கரையில் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஒளித்தெறிப்பு என்கின்றன. எதிரொளிப்புக் கோணத்தையும் தெறிகோணம் என்கின்றன. பட்டு எகிறுவது, வேண்டாத இடத்தில் ஒட்டுவது என்ற இரண்டும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆகவே பச்சைத் தெறிப்பு.

பெயர் சரியாக அமைந்தால் வேலையும் பாதி தெளியும், ஏனென்றால் முடியோரத்தில் தெரியும் கோளாறு எல்லாம் தெறிப்பு அல்ல. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பாம்பன் பாலமும் கடலும் பின்னணியாக வேண்டும். பேசுபவர் ஒரு கல்லூரி மாணவி. பாம்பன் காற்றில் வெளியே திரை கட்டினால் அது கப்பல் பாயாகிவிடும் என்பதால், பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் துணியைக் கட்டிப் படம்பிடிக்கிறார்கள். கூடம் சிறியது, மாணவி துணிக்கு ஒரு மீட்டர் முன்னால்தான் நிற்கிறார். தலையில் தேங்காய் எண்ணெய் வழவழக்கிறது. எண்ணெய் பூசிய கருங்கூந்தல் கிட்டத்தட்டக் கண்ணாடிதான். எதிரே எந்த நிறம் இருந்தாலும் அதைக் காட்டும்.

கூந்தலின் கெட்டியான பகுதியில் ஒரு புள்ளியை எடுத்தால், 0 முதல் 255 வரையான அளவில் சிவப்பு 48, பச்சை 96, நீலம் 52 என்று இருக்கிறது. இதுதான் உண்மையான தெறிப்பு. இந்தப் புள்ளி முழுக்க முடி. அதை வெட்டி எறியக் கூடாது, அதன் நிறத்தை மட்டும் திருத்த வேண்டும். பல மென்பொருள்கள் செய்வது ஓர் எளிய கட்டுப்பாடு: பச்சை, மற்ற இரண்டின் சராசரியைத் தாண்டக் கூடாது.

```
G2 = min(G, (R + B) / 2)
```

பச்சை 50 ஆகிறது, புள்ளி கருமையாகிவிடுகிறது. இங்கே பச்சை ஒழிக்கப்படவில்லை, அடக்கப்படுகிறது. அதனால் இந்தச் செயலைத் 'தெறிப்பு நீக்கம்' என்பதைவிடத் 'தெறிப்புத் தணிப்பு' என்பதே சரி.

முடியின் நுனியில் கதை வேறு. அங்கே ஒரே புள்ளிக்குள் பாதி முடி, பாதி திரை. முடி 30, 25, 22. திரை 60, 180, 70 என்றால், கேமரா பதிவது ஏறத்தாழ 45, 102, 46. இதைத் தெறிப்பு என்று நினைத்துத் தணித்தால் பச்சை போகும்; ஆனால் பின்னால் கடல் தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் அடைத்துக்கொள்ளும். இது 'கலப்பு'. இதைப் பிரிக்கத் திரைநீக்கி என்னும் மென்பொருள் கருவி ஒரு கழித்தல் செய்கிறது. திரையில் பச்சை, மற்ற இரண்டில் பெரியதைவிட 110 கூடுதல். இந்தப் புள்ளியில் 56 கூடுதல். 56 வகுத்தல் 110, ஏறக்குறைய பாதி. ஆகவே பாதி திரை என்று கணித்து, அந்த அளவு திரை நிறத்தைக் கழித்துவிடுகிறது. மீதியில் முடியின் கருமை ஏறத்தாழ அப்படியே திரும்புகிறது.

இனி நிழல். மாணவி துணிக்கு அருகில் நிற்பதால், முன்விளக்கு அவருடைய தலையின் நிழலைத் துணியில் போடுகிறது. அந்த இடத்தில் துணி 30, 100, 38 என்று மங்கியிருக்கிறது. பச்சையின் கூடுதல் 62தான். 62 வகுத்தல் 110 என்றால் 56 சதவீதம் திரை. மீதி 44 சதவீதத்தை ஆள் என்று கருவி நம்பிவிடுகிறது. திரை நிறத்தைக் கழித்த பின் அங்கே மிஞ்சுவது கறுப்பு. விளைவு, கூந்தலைச் சுற்றிக் கடலின்மேல் அரைகுறையாக ஒரு கரிய மூட்டம். படத்தைப் பார்த்தால் இதையும் பலர் தெறிப்பு என்றே சொல்கிறார்கள். எந்தப் புள்ளி எவ்வளவு ஆள் என்பதைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் ஆல்ஃபாவை மட்டும் தனியாக மானிட்டரில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாக இருக்கும்.

இந்த நேரத்தில் கை தானாக, ஆல்ஃபாவில் குறித்த அளவுக்குக் கீழுள்ளதை முழுக் கறுப்பாக்கும் Clip Black பக்கம் போகும். அதை 44க்கு மேல் ஏற்றினால் மூட்டம் மறையும். கூடவே 44 சதவீதத்துக்குக் கீழுள்ள மெல்லிய முடி முழுவதும் மறைந்து, தலை கத்தரித்து ஒட்டிய அட்டைபோல் ஆகிவிடும். சரியான வழி, நிழல் விழுந்த பகுதியை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து, அதற்கு இரண்டாவதாக ஒரு திரைநீக்கம் செய்வது. அதில் நிறத்தை நிழலுக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும். அப்போது 62 வகுத்தல் 62. திரை முழுதாகப் போய்விடும், முடி தங்கும். கெட்டியான உடலுக்குக் கடுமையான ஒரு நீக்கம், முடியோரத்துக்கு மென்மையான இன்னொன்று என்று பிரிப்பதும் இதே காரணத்தால்தான். கூடம் கொஞ்சம் நீளமாக இருந்து, ஆளை இரண்டு மூன்று மீட்டர் முன்னால் நிறுத்தி, துணிக்குத் தனி விளக்கு போட்டிருந்தால், நிழல் துணியில் விழாமல் தரைக்குப் போயிருக்கும். தெறிப்பும் பெருமளவு குறைந்திருக்கும்.

தணிப்பு முடிந்த பிறகும் கூந்தல் கொஞ்சம் செத்தாற்போல் தெரியும். உயர்தெளிவு வீடியோவின் ஒளிர்வுக் கணக்கில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம். நம் முதல் புள்ளியின் ஒளிர்வு 83லிருந்து 50க்கு இறங்கிவிட்டது. அந்த 33ஐ அப்படியே விட்டால், பாம்பனின் வெளிச்சத்துக்கு நடுவே நிற்பவருக்குத் தலை மட்டும் இரவில் இருக்கும். உண்மையில் அங்கே நின்றிருந்தால் வானமும் கடலும் அதே கூந்தலில் தெறித்திருக்கும். ஆகவே பின்னணி வானத்தை நன்றாக மங்கலாக்கி, அதன் நிறத்தில், இழந்த ஒளிர்வில் ஒரு பகுதியைத் திரும்பக் கூட்டுவார்கள். பாதியளவில் தொடங்கிக் கண்ணுக்கு ஒத்துவரும்வரை கூட்டிக் குறைக்கலாம்.

மல்லிகையிலும் பச்சை ஏறும். ஆனால் தணிப்பு அதைச் சரிசெய்துவிடும். சரத்தில் மரிக்கொழுந்து வைத்துக் கட்டியிருந்தால்தான் தொல்லை. இலையின் பச்சை திரையின் பச்சைக்கு நெருங்கினால் அங்கே ஓட்டை விழும். விழாவிட்டாலும் தணிப்பில் இலை சருகுபோல் ஆகும். சரத்தை மட்டும் மாஸ்க் போட்டுத் திரைநீக்கம், தணிப்பு இரண்டிலிருந்தும் விலக்க வேண்டும்; தலை அசைய அசைய அந்த மாஸ்க்கும் உடன் நகர வேண்டும். அதைவிட, படம்பிடிக்கும் முன்பே சரத்தை மாற்றித் தரச் சொல்வது எளிது.