டாக்பேக் தமிழில் பேச வேண்டுமானால்

பார்வை இழந்தவருக்கு வீட்டார் புது ஆண்ட்ராய்டு ஃபோன் வாங்கி, திரையில் இருப்பதை உரக்கச் சொல்லும் டாக்பேக் திரைவாசிப்பானையும் இயக்கிக் கொடுக்கிறார்கள். ஒரே வாரத்தில் அது அணைந்து கிடக்கிறது. வயதாகிவிட்டது, இனிப் பழகாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பயிற்சி தரும் எனக்கு இது ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் பல நேரங்களில் குறை குரலை அமைத்த விதத்தில்தான் இருக்கிறது.

கண்நீர் அழுத்த நோயால் பார்வை போன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "மகள் அனுப்புகிற செய்தியில் எண் மட்டும்தான் காதில் விழுகிறது" என்றார். ‘நாளை காலை 10 மணிக்கு வருகிறேன் அப்பா’ என்ற வரியைத் தொட்டால், ஃபோன் ‘டென்’ என்று சொல்லி நின்றுவிட்டது. திரையில் இருக்கும் எழுத்தை டாக்பேக் எடுத்துக் கொடுக்கிறது. அதை ஒலியாக்குவது வேறொரு செயலி. அதில் ஆங்கிலக் குரல் மட்டுமே இருந்ததால் தமிழைத் தாண்டிப் போய்விட்டது.

அமைப்புகளின் தேடல் கட்டத்தில் ‘Text-to-speech’ என்று தட்டினால் அந்தப் பக்கம் வந்துவிடும். சில ஃபோன்களில் தயாரிப்பாளரின் சொந்தப் பேச்சுச் செயலி தேர்வாகியிருக்கும், கூகுளுடையதற்கு மாற்றுங்கள். பக்கத்திலுள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டு, ‘Install voice data’ என்பதில் தமிழ்க் குரலைத் தரவிறக்குங்கள். பிறகு இணையம் இல்லாமலும் அது பேசும். மீண்டும் ‘Text-to-speech’ பக்கத்துக்கு வந்து மொழியைத் தமிழாக்கி, வேகத்தைக் குறைத்து வையுங்கள். காது பழகியபின் அவரே கூட்டச் சொல்வார்.

அடுத்தது, அணைந்தால் அவரே மீண்டும் இயக்கும் வழி. அமைப்புகளில் உள்ள டாக்பேக் பக்கத்தில் குறுக்குவழியாக ஒலி விசைகளைத் தேர்ந்தெடுத்தால், கூட்டும் விசையையும் குறைக்கும் விசையையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்தினால் போதும். இதை நீங்கள் செய்து காட்டாதீர்கள். அவர் விரல்கள் செய்யட்டும், அணைத்து அணைத்து இயக்கிப் பார்க்கட்டும். ஆசிரியர் வீட்டில் டாக்பேக்கை அணைத்தது பேரன். ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும், நகர்த்த இரண்டு விரல் வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஃபோன் பழுதாகிவிட்டது என்று நினைத்திருக்கிறான்.

விசையை அழுத்தியும் சத்தமில்லை என்றால் பதற வேண்டாம். டாக்பேக்கின் ஒலியளவு பாட்டு, வீடியோவின் ஒலியளவிலிருந்து தனியானது. திரையில் விரலை நகர்த்திக்கொண்டே ஒலி கூட்டும் விசையை அழுத்தினால் குரல் மேலே வரும்.

பெரிய எழுத்தை இன்னும் படிக்க முடிகிறவர்களுக்கு டாக்பேக்கைத் திணிக்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கி, தேவையான பத்தியை மட்டும் வாசித்துக் காட்டும் ‘Select to Speak’ வசதியை இயக்கினாலே பலருக்குப் போதும்.

பூட்டு எண்ணைத் தட்டும்போது ஒவ்வோர் எண்ணையும் ஃபோன் உரக்கச் சொல்லக்கூடும். ஆகவே விரல்ரேகைப் பூட்டைச் சேர்த்துவிடுங்கள். எண்ணைத் தட்டியே ஆகவேண்டிய இடங்களுக்கு அவர் சட்டைப்பையில் ஓர் இயர்ஃபோன் எப்போதும் இருக்கட்டும்.