லிமிட்டேஷன்ஸ்: குறைபாடா, வரம்பா?

கோவையில் ஆய்வேடுகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. தமிழில் எழுதப்பட்டவற்றில் ஐந்தாம் அத்தியாயம் முடியும் இடத்தில் பெரும்பாலும் ஒரே தலைப்பைத்தான் பார்க்கிறேன்: "ஆய்வின் குறைபாடுகள்". ஆங்கில ஆய்வேடுகளில் வரும் 'லிமிட்டேஷன்ஸ்' என்ற தலைப்பைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். அதன் கீழே மூன்று வரி. நேரம் போதவில்லை, பணம் போதவில்லை, பதில் சொன்னவர்கள் உண்மையை மறைத்திருக்கலாம். அதோடு பக்கம் முடிந்துவிடும்.

இந்த மூன்று வரிக்குத் தலைப்பில் இருக்கும் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குறைபாடு என்றால் இருக்க வேண்டியது இல்லாமல் போனது. வைட்டமின் குறைபாடு, பார்வைக் குறைபாடு என்கிறோமே, அந்தப் பொருள்தான். "உன் குறைபாட்டை எழுது" என்றால் யாரும் பாதியை மறைப்பார்கள், மீதியைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லி நகர்வார்கள். ஆனால் லிமிட்டேஷன் என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது.

அது லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் 'லீமெஸ்' என்றால் ஒரு நிலத்துக்கும் அடுத்த நிலத்துக்கும் இடையில் விடப்பட்ட எல்லைப் பாதை. ரோமானியர்கள் நிலத்தை அளந்து, கோடிட்டுப் பங்கு பிரித்த வேலைக்கு 'லிமிடாட்சியோ' என்று பெயர். பிற்பாடு பேரரசின் எல்லைப் பகுதிக்கும் லீமெஸ் என்ற பெயர் வந்தது. கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி நிற்க, நடுவில் வண்டியும் ஆடும் போகிற இட்டேரியைப் பார்த்தவர்கள் லீமெஸைப் பார்த்த மாதிரிதான். இட்டேரி இருப்பதால் தோட்டத்துக்கு எந்தக் குறையும் இல்லை. நம்முடைய தோட்டம் எதுவரை என்று அது காட்டுகிறது, அவ்வளவுதான்.

தமிழில் இதே வழியில் வந்த சொல் வரம்பு. வரம்பு என்றாலே வயல் வரப்புதான். நம் பக்கம் வரப்பு என்கிறோம், இலங்கைத் தமிழர்கள் இன்றும் வயல் வரம்பு என்கிறார்கள். வயலின் கரையாக இருந்த சொல் வளர்ந்து அளவு, எல்லை, ஒழுங்கு என்றெல்லாம் பொருள் கொண்டது. லத்தீன்காரரும் நாமும் ஒரே வயலிலிருந்து ஒரே பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். அதனால் லிமிட்டேஷன்ஸுக்கு "ஆய்வின் வரம்புகள்" என்பதே பொருத்தமான தமிழ். இலங்கை ஆய்வேடுகளில் "மட்டுப்பாடுகள்" என்று எழுதுவார்கள், அதுவும் நல்ல சொல்தான். "வரையறை" மட்டும் இங்கே வேண்டாம். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே 'டெஃபனிஷன்' என்ற பொருளில் அதைச் செலவழித்து விடுகிறோம்.

எல்லை என்ற சொல்லையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பேன். அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஆய்வைத் தொடங்கும் முன்பே நாமே முடிவு செய்வது எல்லை: திருப்பூர் மட்டும், பெண்கள் மட்டும், தையல் பிரிவு மட்டும். ஆங்கிலத்தில் டீலிமிட்டேஷன் என்பது இதைத்தான். நூலின் பாயிரத்தில் சொல்ல வேண்டியவை எட்டு என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. ஆக்கியோன் பெயர், வழி என்று தொடங்கும் அந்த வரிசையில் மூன்றாவது எல்லை. நன்னூல் செய்த பவணந்தியாரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று இங்கே சொல்லிக்கொள்வார்கள். அவர் சொன்ன எல்லை அந்த நூல் வழங்கும் நிலப்பரப்பு. ஆனாலும் "இது எதுவரைக்கும்" என்று நூலின் வாசலிலேயே சொல்லிவிடும் பழக்கம் நமக்கு அப்போதே இருந்திருக்கிறது. ஆக, எல்லை நாம் போட்டுக்கொண்டது, அது முதல் அத்தியாயத்தில் வர வேண்டும். வரம்பு என்பது தரவு எடுத்த விதத்தால் முடிவுக்கு வந்து சேர்ந்தது, அது முடிவுகளைப் பேசிய பிறகு வர வேண்டும். "இந்த ஆய்வு திருப்பூரில் மட்டும் நடந்தது" என்பதை வரம்பாக எழுதினால் தேர்வாளருக்கு அதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

சரி, வரம்பை எப்படி எழுதுவது? ஒரு மாணவியின் வேலையை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் எண்களை மாற்றி, கணக்குப் போட வசதியாக வைத்திருக்கிறேன். திருப்பூரில் மூன்று பனியன் கம்பெனிகளில் 120 பெண் டைலர்களிடம் முதுகு வலி பற்றிக் கேட்டிருக்கிறாள். ஒரு ஷிஃப்டோடு வீட்டுக்குப் போகிறவர்கள் 60 பேர், பெரும்பாலான நாட்களில் ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் 60 பேர். முதல் கூட்டத்தில் 24 பேருக்கு வலி, அதாவது 40 சதவீதம். இரண்டாவதில் 39 பேருக்கு, 65 சதவீதம். வித்தியாசம் 25 புள்ளி.

அவள் எழுதி வந்திருந்த வரம்பு இதுதான்: "மாதிரி சிறியது, ஆகவே முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது." பக்கத்தைத் திருப்பினால், ஒன்றரை ஷிஃப்ட் முறையை அரசு ஒழுங்குபடுத்த வேண்டும் என்று பரிந்துரை. இரண்டையும் படித்த தேர்வாளர் எதை நம்புவார்? நான் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியதும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"இதையெல்லாம் எழுதினா வைவாவுல மாட்டிக்குவனுங்களே, அக்கா?"

"எழுதாம விட்டாத்தான் கண்ணு மாட்டுவ. அவங்க கேக்கப் போறதே இதைத்தான்."

மாதிரி சிறியது என்பதை முதலில் எண்ணாக மாற்றினோம். 60-க்கு 60 என்ற அளவில் அந்த 25 புள்ளி வித்தியாசத்தின் 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு, ஏறக்குறைய 8 முதல் 42 வரை வருகிறது. இடைவெளி அகலம்தான், அதை அப்படியே எழுத வேண்டும். வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று இந்த மாதிரியால் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் இடைவெளிக்குள் பூஜ்யம் இல்லை. வித்தியாசம் தற்செயலாக வந்தது என்று ஒதுக்குவது கடினம். "மாதிரி சிறியது" என்ற இரண்டு சொற்களில் இந்த இரண்டாவது பாதி தொலைந்து போயிருந்தது.

அடுத்தது, யாரிடம் கேட்டாள் என்பது. வலி தாங்காமல் வேலையை விட்டு ஊருக்குப் போனவர்கள் கம்பெனியில் இருக்க மாட்டார்கள், அவர்கள் 120 பேரில் வரவே இல்லை. இருப்பவர்களிலும் வலி வந்த பிறகு ஒன்றரை ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டு ஒரு ஷிஃப்டுக்கு மாறியவர்கள் இருக்கலாம். இதைச் சும்மா "சார்பு ஏற்பட்டிருக்கலாம்" என்று எழுதினால் முடிவு முழுவதும் ஆட்டம் காணும். எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வலியோடு மாறியவர்கள் ஒரு ஷிஃப்ட் கூட்டத்தின் வலிக் கணக்கை ஏற்றுகிறார்கள். வேலையை விட்டவர்கள் ஒன்றரை ஷிஃப்ட் கூட்டத்திலிருந்தே அதிகம் போயிருந்தால், அந்தக் கூட்டத்தின் கணக்கு இறங்குகிறது. இரண்டும் வித்தியாசத்தைச் சுருக்கும். இவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், உண்மையான வித்தியாசம் 25-ஐ விடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கே வரம்பை நேர்மையாகச் சொல்வதாலேயே முடிவு உறுதிப்படுகிறது. எதையும் மாற்றாமல் இருப்பதைக் கவனித்து மட்டும் செய்யும் ஆய்வுகளை எழுதுவதற்கு 2007-இல் வெளியான ஸ்ட்ரோப் வழிகாட்டியும் இதையே கேட்கிறது: சார்பு எந்தத் திசையில், எவ்வளவு பெரியது என்று இரண்டையும் பேசச் சொல்கிறது.

எல்லா வரம்பும் நமக்குச் சாதகமாகச் சாயாது. எத்தனை வருடமாகத் தைக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நெடுநாள் அனுபவம் உள்ளவர்களே ஒன்றரை ஷிஃப்ட் அதிகம் பார்ப்பவர்களாக இருந்தால், வலிக்குக் காரணம் நீண்ட ஷிஃப்ட் அல்ல, இத்தனை வருடத் தையலாக இருக்கலாம். அப்படியானால் 25 என்பது மிகை. உண்மையிலேயே கண்டுபிடிப்பைத் தொடும் வரம்பு இதுதான். அவளுக்கு இதைக் கடைசியில் ஒரு வரியாகப் போட ஆசை. முதலில் போடச் சொன்னேன். வயது கேட்டிருந்தாள் என்பதால், முப்பதுக்கு உட்பட்டவர்களையும் மேற்பட்டவர்களையும் தனித்தனியாகப் பிரித்து அதே ஒப்பீட்டைச் செய்ய முடிந்தது. இரண்டு பிரிவிலும் ஒன்றரை ஷிஃப்ட் பக்கமே வலி கூடுதலாக இருந்தது. வயது அனுபவத்துக்கு முழு ஈடாகாது என்பதையும் சேர்த்தே எழுதினாள்.

அப்புறம் ஒன்று, அது வரம்பே அல்ல, பிழை. வினாத்தாளில் "உங்களுக்கு முதுகு வலி இருக்கிறதா?" என்று மட்டும் இருந்தது. எந்தக் காலத்தில்? இந்தத் துறையில் பரவலாகப் பயன்படும் நோர்டிக் வினாத்தாள் கடந்த 12 மாதம், கடந்த 7 நாள் என்று பிரித்துக் கேட்கும். இது தரவின் இயல்பால் வந்ததல்ல, கேட்கத் தவறியது. இதற்குத்தான் குறைபாடு என்ற சொல் பொருந்தும். "வினாவில் காலத்தைக் குறிப்பிடாதது ஆய்வாளரின் குறை" என்று நேராக எழுதிவிடலாம். அதன் விளைவும் குறிப்பானது: அவளுடைய சதவீதங்களை வேறு ஆய்வுகளின் 12 மாதக் கணக்கோடு ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டு கூட்டத்திடமும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது, அதனால் அவர்களுக்கு இடையிலான ஒப்பீட்டை இது பெரிதாகத் தொடவில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு "பொதுமைப்படுத்த இயலாது" என்ற வரிக்குத் தேவை இருக்கவில்லை. அனுமதி கொடுத்த மூன்று கம்பெனியும் பெரியவை. ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் பவர் டேபிள் என்ற சிறு தையல் கூடங்களில் வேலை நேரமும் இருக்கை வசதியும் வேறு, அங்கே இந்த எண்ணைக் கொண்டுபோக முடியாது என்று எழுதினாள். ஒரே வேளையில் எடுத்த தரவு என்பதால் வலி முந்தியா ஷிஃப்ட் முந்தியா என்று இது சொல்லாது என்றும் சேர்த்தாள்.

கடைசியாக முடிவுரைக்குத் திரும்பிப் போனோம். "ஒன்றரை ஷிஃப்ட் முதுகு வலியை உண்டாக்குகிறது" என்று இருந்த வரியை அடித்துவிட்டு, "பெரிய கம்பெனிகளில் ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கும் பெண் டைலர்களிடையே முதுகு வலி கூடுதலாகக் காணப்படுகிறது" என்று எழுதினாள். அரசுக்கான பரிந்துரை, அதே கம்பெனிகளில் புதிதாகச் சேரும் டைலர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுக்கான பரிந்துரையாக மாறியது. பொருளடக்கத்தில் தலைப்பு "ஆய்வின் வரம்புகள்" ஆனது. மூன்று வரியாக இருந்தது ஒன்றரைப் பக்கம் வந்தது.