நெல் வாங்குபவருக்கு எந்த அனுபவம் வேண்டும்?

கும்பகோணத்தில் இருந்துகொண்டு டெல்டா மாவட்டங்களின் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் ஆள் தேர்வு செய்து தருவது என் தொழில். அதே தொழிலில் வேறு வேலை பார்த்தவரை எடுப்பதா, வேறு தொழிலில் அதே வேலை பார்த்தவரை எடுப்பதா என்ற கேள்வி, மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்குக் கொள்முதல் மேலாளரைத் தேடியபோது கூர்மையாக எழுந்தது.

இறுதியில் இருவர் நின்றனர். ஒருவர் அரிசி ஆலைகளிலேயே பல ஆண்டுகள் நெல் அவித்தல், அரவைப் பிரிவுகளை மேற்பார்த்தவர். ஒரு மூட்டையும் விலை பேசி வாங்கியதில்லை. மற்றவர் திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்துக்கு நூல் கொள்முதல் செய்தவர். உரிமையாளரின் மனம் இரண்டாமவர் பக்கம் சாய்ந்திருந்தது.

இருவர் முன்னும் ஈர நெல்லை வைத்தேன். ஈரப்பதம் 20 சதவீதம். 14 சதவீத ஈரப்பதமுள்ள நெல் குவிண்டால் 2,400 ரூபாய் என்றால் இதற்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். நூல்காரர் ஆறு சதவீதத்தைக் கழித்து 2,256 என்றார். உண்மையில் 100 கிலோவில் நெல்லின் உலர்ந்த பகுதி 80 கிலோதான்; அதை 14 சதவீத ஈரத்துக்கு உலர்த்தினால் 93 கிலோ மிஞ்சும், ஆகவே விலை சுமார் 2,232 ரூபாய், உலர்த்தும் செலவு தனி. பத்து டன் லாரி ஒன்றுக்கு வித்தியாசம் ஏறத்தாழ 2,400 ரூபாய். ஆனால் இந்தக் கணக்கை எவருக்கும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆலைக்காரர் கணக்குக்கு முன்பே நெல்லைக் கையில் உமி நீக்கிப் பார்த்து, கருக்காய் அதிகம், மழையில் நனைந்து பழுப்பேறிய அரிசியும் இருக்கிறது என்றார். நூலின் தரத்தை அதன் பருமன் எண்ணும் பரிசோதனைச் சான்றும் சொல்லிவிடும், பணத்துக்குத் தவணையும் கிடைக்கும். சம்பா அறுவடையிலோ ஒவ்வொரு லாரியும் வேறு சரக்கு, விலையை எடை மேடை அருகே நின்றபடியே முடிவு செய்ய வேண்டும். தவறு சரக்கிலேயே ஒளிந்திருக்கும் வேலையில் தொழில் அனுபவமே கனம் என்பது என் கணிப்பு. அதே ஆலையின் கணக்கர் பணிக்கு இரும்புக் கடையில் டேலியும் ஜி.எஸ்.டி.யும் பார்த்தவரைத் தயங்காமல் எடுத்தோம், ஏனெனில் அவ்வேலையின் விதிகள் எந்தக் கடையிலும் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஆலைக்காரருக்கே வேலை கிடைத்தது. ஆனால் அடுத்த வாரத்துக்கு எவ்வளவு பணம் தேவை என்ற கேள்விக்கு நூல்காரர் உடனே அட்டவணை போட, இவர் திணறியதால், முதல் சம்பா முடியும்வரை பண ஒதுக்கீட்டை உரிமையாளரே வைத்துக்கொண்டார். நான் எதிர்பாராத குறை வேறிடத்தில் வந்தது. பழகிய தரகர்களின் லாரிகளை அவர் ஈரமானி வைக்காமலே உள்ளே விட்டார். அதன்பின், ஈரப்பதம் குறிக்காத எடைச் சீட்டுக்குப் பணம் தருவதில்லை என்று அந்த இரும்புக் கடைக் கணக்கர்தான் நிறுத்தினார்.