மூதூர் வரிசையை முதலில் பாருங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் திட்ட அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. அண்மையில் வந்த ஒன்றில், குச்சவெளி மீனவர்களுக்கு ஐஸ் பெட்டி கொடுத்ததால் நாளாந்த வருமானம் கூடியது என்று எழுதியிருந்தார்கள். ஆதாரமாக இருந்தது இந்த ஒரு அட்டவணைதான். கணக்கு எளிதாக இருக்க, எண்களை மாற்றித் தருகிறேன்.

| | ஜனவரி (பெட்டிக்கு முன்) | ஜூன் (பின்) |
|---|---|---|
| குச்சவெளி (பெட்டி கிடைத்தது) | 1,500 | 3,000 |
| மூதூர் (கிடைக்கவில்லை) | 1,800 | 2,700 |

குச்சவெளியில் 1,500 ரூபாய் கூடியிருக்கிறது. அது முழுவதையும் பெட்டியின் கணக்கில் எழுத முடியாது, ஏனென்றால் பெட்டி இல்லாத மூதூரிலும் 900 கூடியிருக்கிறது. 1,500இல் 900 போனால் மீதி 600. இதைத்தான் வேறுபாடுகளின் வேறுபாடு என்கிறோம். அறிக்கையும் இப்படிக் கழித்துத்தான் பலனைச் சொன்னது. கழித்தலில் பிழை இல்லை.

ஆனால் அந்த 600 ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பெட்டி வராமல் இருந்திருந்தால், குச்சவெளியிலும் அதே 900தான் கூடியிருக்கும் என்பது. இரண்டு ஊரும் ஒரே வருமானத்தில் தொடங்க வேண்டியதில்லை, ஏற்றம் ஒன்றாக இருந்தால் போதும். இங்கே அது ஒன்றாக இருக்குமா? ஜனவரி வாடைக் காலம். குச்சவெளி திறந்த கடலைப் பார்த்த கரை, அலை எழும்பினால் தோணி இறங்காது. மூதூர் கொட்டியாரக் குடாவின் ஓரத்தில் இருக்கிறது, அவ்வளவு அடி வாங்காது. ஜூனில் கடல் அடங்கும்போது, பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குச்சவெளிதான் கூடுதலாக எழும்பும்.

இதைச் சோதிக்க, பெட்டியே இல்லாத முந்தைய ஆண்டின் அதே இரண்டு மாதங்களைக் கேட்டு வாங்கினேன். குச்சவெளி 1,400இலிருந்து 2,800. மூதூர் 1,700இலிருந்து 2,550. ஏற்றங்கள் 1,400, 850, வித்தியாசம் 550. ஒன்றும் கொடுக்காத ஆண்டிலேயே 550 "பலன்" வருகிறது! அப்படியானால் 600இல் பெட்டிக்கு மிஞ்சுவது 50 ரூபாய். விகிதமாகப் பார்த்தால் அதுவும் இல்லை. இரண்டு ஆண்டிலும் குச்சவெளி சரியாக இரட்டிப்பானது, மூதூர் ஒன்றரை மடங்கானது.

பெட்டியால் பயனில்லை என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். சராசரியை மட்டும் பார்த்து, அந்த 50 தற்செயலா இல்லையா என்று தெரியாது. அதற்கு எத்தனை பேரிடம் கேட்டார்கள், ஆளுக்கு ஆள் வருமானம் எவ்வளவு மாறியது என்பதும் வேண்டும். ஜூனை முந்தைய ஜூனோடு ஒப்பிட்டிருந்தால், பருவத்தின் குழப்பம் பெரும்பாலும் வந்திருக்காது.

அப்புறம், கள உத்தியோகத்தரிடம் நான் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஜனவரியில் கடலுக்குப் போகாத நாளை 0 என்று போட்டீர்களா, கணக்கில் விட்டுவிட்டீர்களா? ஒரு ஊரில் 0 போட்டு மற்ற ஊரில் விட்டிருந்தால், மேலே செய்த கழித்தல் எதற்கும் பொருளில்லை.