பணிஸில் ஒத்துக்கொண்ட எள்ளு, தோசைப் பொடியில் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

"எள்ளு தூவின பணிஸ் எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறான் டொக்டர். எள்ளாக இருக்காது." கொழும்பில் குழந்தை மருத்துவராக இருக்கும் நான் எள்ளு ஒவ்வாமை பற்றிப் பேசத் தொடங்கினாலே பெற்றோரிடமிருந்து வரும் முதல் மறுப்பு இதுதான். நியாயமான மறுப்புத்தான். ஆனால் இதை நம்பி எள்ளை விட்டுவிட்டு வேறு உணவுகளைத் தேடிக்கொண்டிருந்தால், அடுத்த தடவை பிள்ளைக்கு வருவது முதல் தடவையை விடப் பெரிதாக இருக்கலாம்.

வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மூன்றரை வயது, 14 கிலோ எடை. கைக்குழந்தையாக இருந்தபோது கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கடுமையான எக்ஸிமா இருந்தது. ஓர் இரவு தோசை, தேங்காய்ச் சம்பல், கூடவே நல்லெண்ணெய் விட்டுக் குழைத்த தோசைப் பொடி. சாப்பிட்டுப் பத்து நிமிடம் இருக்கும், உதட்டைச் சுற்றித் தடிப்பு. அப்புறம் வாந்தி. அதோடு முடிந்திருந்தால் வீட்டிலேயே வைத்துப் பார்த்திருப்பார்கள். விடாத வறட்டு இருமல் வந்து, குரலும் கரகரத்ததும் பயந்துபோய் ஒஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள், நிமிடங்களில் இருமல் தணிந்தது. அன்றிரவு அங்கேயே வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள்.

என்னிடம் வரும்போது குடும்பத்தின் சந்தேகம் முழுக்கக் கச்சான் மேல். அன்று மாலை பிள்ளை கொஞ்சம் கச்சான் கொறித்திருந்தான். ஆனால் அது இரண்டு மணித்தியாலத்துக்கு முந்தியது. இந்த வகை ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் காட்டிவிடும். தோசை முடிந்து பத்தாவது நிமிடம் என்றால் தட்டில் இருந்ததைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொடியைக் கொண்டுவரச் சொன்னேன். சித்தி வீட்டில் அரைத்த பொடி. சிவப்பாக, நைசாக இருந்தது. உற்றுப் பார்த்தாலும் அதில் ஒரு எள்ளு தெரியாது. தாய் அங்கிருந்தே தொலைபேசியில் கேட்டார். "வாசத்துக்கு எள்ளும் ஒரு கைப்பிடி வறுத்துப் போட்டனான் அக்கா" என்று பதில் வந்தது.

அப்போதுதான் தாய் அந்தப் பணிஸ் கதையைச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு எள்ளு ஏறக்குறைய 3 மில்லிகிராம் நிறை. பணிஸின் மேல் நூறு எள்ளு இருந்தால் 0.3 கிராம். பொடியில் பத்தில் ஒரு பங்கு எள்ளு என்று வைத்தால், ஒரு தேக்கரண்டிப் பொடியில், அதாவது 3 கிராமில், அதே 0.3 கிராம். இரண்டிலும் எள்ளின் அளவு ஒன்றுதான். அப்படியானால் ஏன் ஒன்று ஒத்துக்கொண்டது, மற்றது ஒத்துக்கொள்ளவில்லை?

எள்ளின் தோல் கெட்டியானது. சின்னப் பிள்ளைகள் பணிஸை நன்றாக மெல்லுவதில்லை. முழு எள்ளு தோல் உடையாமல் வயிற்றுக்குள் போய், பல சமயம் அப்படியே மலத்தோடு வெளியே வந்துவிடும். உள்ளே இருக்கும் புரதம் உடலின் கண்ணிலேயே படுவதில்லை. வறுத்து அரைத்தால் தோல் உடைந்து புரதம் முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. வறுப்பதால் ஒவ்வாமை போய்விடும் என்பதும் சரியல்ல. எள்ளின் முக்கியமான ஒவ்வாமைப் புரதங்கள் சூட்டைத் தாங்குபவை. ஆகவே முழு எள்ளைச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது எள்ளுக்கு நற்சான்று ஆகாது. பெற்றோரிடம் நான் கேட்பது, அரைத்த எள்ளைப் பிள்ளை எப்போதாவது போதிய அளவு சாப்பிட்டதா என்பதைத்தான். பொடி, எள்ளுப்பாகு, ஷவர்மாவில் பூசும் தாகினி, ஹம்மஸ் இவையெல்லாம் அரைத்த எள்ளு.

சரி, சோதனைக்கு வருவோம். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில், சோதனைக்கென்று தயாரித்து விற்கும் எள்ளுச் சாற்றுக்கு அந்தப் பிள்ளையின் கையில் 2 மில்லிமீற்றர் தடிப்புத்தான் வந்தது. 3 மில்லிமீற்றர் இருந்தால்தான் 'ஆம்' என்று எடுப்பது வழக்கம். எள்ளை நசுக்கிப் பசையாக்கி, அதில் ஊசியைத் தொட்டுக் குத்தினால் 8 மில்லிமீற்றர். எள்ளில் இப்படி நடப்பதுண்டு. எள்ளின் ஒவ்வாமைப் புரதங்களில் இரண்டு, ஒலியோசின் எனப்படுபவை, எண்ணெய்த் துளிகளோடு ஒட்டியிருப்பவை. நீரில் எடுக்கும் சாற்றில் அவை சரியாக இறங்குவதில்லை. அதனால் நடந்த கதை தெளிவாக இருந்து சோதனை மட்டும் 'இல்லை' என்று சொன்னால், நான் கதையின் பக்கம்தான் நிற்பேன். மறுபக்கமும் உண்டு. ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளைக்கு 'எதற்கும் பார்ப்போம்' என்று இரத்தத்தில் நீண்ட பட்டியல் சோதனை செய்தால், எள்ளைச் சுகமாகச் சாப்பிடும் பிள்ளைக்கும் 'ஆம்' என்று வரும். அதை நம்பி உணவை நிறுத்தாதீர்கள். குத்திப் பார்க்கும் சோதனைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பே செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மருந்துகளை நிறுத்த வேண்டும் என்பதையும் முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். இல்லையென்றால் தடிப்பே வராது.

இனி நல்லெண்ணெய். வீடுகளில் அதிகம் வாக்குவாதம் வருவது இதில்தான். "எண்ணெய்தானே, எள்ளில்லையே" என்று அப்பம்மா சொல்வார். சுத்திகரித்து, நிறமும் வாசமும் எடுத்த எண்ணெய்களில் புரதம் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் நாம் நல்லெண்ணெய் வாங்குவதே அந்த வாசத்துக்காக. செக்கில் ஆட்டி, வடித்து, போத்தலில் அடைக்கும் எண்ணெயில் எள்ளின் புரதம் மிச்சமிருக்கும், ஒலியோசினும் சேர்த்து. வாசமுள்ள நல்லெண்ணெய் இந்தப் பிள்ளைகளுக்கு எள்ளேதான். பருவமடைந்த பிள்ளைக்குக் காலையில் கொடுக்கும் நல்லெண்ணெயும் முட்டையும், உளுத்தங்களியில் ஊற்றும் எண்ணெய், இந்தியாவிலிருந்து வரும் ஊறுகாய்கள் எல்லாம் இதில் அடங்கும். நல்லெண்ணெயை அடிப்படையாக வைத்துக் காய்ச்சும் சித்த, ஆயுர்வேதத் தைலங்களும்தான்.

உடலில் பூசுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்கு எக்ஸிமா இருந்த காலத்தில் தினமும் நல்லெண்ணெய் தேய்த்துத்தான் குளிக்க வார்த்திருக்கிறார்கள். வெடித்த தோல் வழியாக முதலில் உள்ளே போகும் உணவுப் புரதத்தை உடல் எதிரியாகப் பழகிவிடக்கூடும் என்பது இன்று ஒவ்வாமை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்படும் கருத்து. இவனுக்கு அதனால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் தோல் கரடுமுரடாக, சிவந்து கிடக்கும் குழந்தைக்கு நல்லெண்ணெய் வேண்டாம் என்று எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறேன். மருத்துவர் தரும் வாசமில்லாத களிம்பைப் பூசுங்கள்.

பலகாரத்தில் எள்ளுருண்டை, எள்ளுப்பாகு, வரக்காப்பொலைப் பக்கம் போய்வருபவர்கள் வாங்கிவரும் தல குலி போன்றவற்றைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும், ஒதுக்கிவிடலாம். அகப்படுவது மற்றவைதான். முறுக்கில் ஒரு வீட்டில் ஓமம், இன்னொரு வீட்டில் எள்ளு. அரியதரத்தில் சிலர் எள்ளைப் புரட்டிப் பொரிப்பார்கள். மோதகத்தின் உள்ளுடனில் வறுத்த எள்ளு சேர்ப்பவர்களும் உண்டு. புரட்டாசிச் சனிக்குக் கோயிலில் எரிக்கும் எள்ளெண்ணெய் விளக்கின் வாசத்துக்குப் பயப்பட வேண்டாம். அங்கே பிரசாதமாகக் கொடுக்கும் எள்ளுச் சாதம்தான் கவனிக்க வேண்டியது.

கடைப் பொதி என்றால் பின்பக்கத்தை முழுதாகப் படியுங்கள். இங்கே ஒரே பொருள் செசமி, ஜிஞ்சலி, தில், தாகினி என்று பல பெயரில் அச்சாகியிருக்கும், சிங்களத்தில் தல. 'மசாலா' என்று மட்டும் போட்டு உடைத்துச் சொல்லாத பொடியை நான் வாங்க விடுவதில்லை. நிறுத்து விற்கும் பலகாரக் கடையில் ஒரே கரண்டி எல்லாத் தட்டுக்கும் போகும், ஒரே எண்ணெயில் எல்லாம் பொரியும். அங்கே "எள்ளு போட்டதா?" என்று கேட்டுப் பயனில்லை. "இந்த எண்ணெயில் எள்ளு முறுக்கும் பொரிக்கிறீர்களா?" என்று கேளுங்கள். மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுக்கும் மில்லிலும் இதே கதைதான், முன்னால் வந்தவர் எள்ளுப் பொடி அரைத்திருந்தால் மிச்சம் உங்கள் தூளில் வரும். எவ்வளவு மிச்சம் போதும் என்கிறீர்களா? உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு விவசாய அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு, எள்ளுக்கு வைத்த எல்லை 2 மில்லிகிராம் புரதம். அரைத்த எள்ளாகப் பார்த்தால் மூன்று நான்கு எள்ளு. வீட்டுத் தாச்சியும் மிக்சி மூடியின் ரப்பர் வளையமும் அதை எளிதாகப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தாய் பொடிக்கென்று ஒரு மிக்சிக் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். உளுந்து, கடலைப் பருப்பு, செத்தல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை வறுத்து அரைத்து, தேங்காயெண்ணெய் விட்டுக் கொடுக்கிறார். பிள்ளைக்கு அது பிடித்திருக்கிறது. கச்சானுக்குச் சோதனையில் 'இல்லை' என்று வந்ததால் அதை நிறுத்தவில்லை. எள்ளு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கச்சானும் கஜுவும் கூடவே ஒத்துக்கொள்ளாமல் போகும், ஆனால் சோதிக்காமல் எல்லாவற்றையும் நிறுத்தக்கூடாது.

தவறி உள்ளே போனால்: வாயைச் சுற்றிச் சில தடிப்பு மட்டும் என்றால் செட்டிரிசின் பாணி கொடுத்துப் பக்கத்தில் இருந்து கவனிக்கலாம். விடாத இருமல், குரல் மாற்றம், மூச்சுத் திணறல், பிள்ளை துவண்டுபோவது, தடிப்போடு வாந்தி இவற்றில் எது வந்தாலும் பாணி போதாது. அட்ரினலின்தான் மருந்து. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். 14 கிலோப் பிள்ளைக்கு, 1 மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம் உள்ள மருந்தில் ஏறக்குறைய 0.15 மில்லிலீற்றர். தானாகப் பாய்ச்சும் பேனா ஊசி இங்கே எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, விலையும் அதிகம். அதனால் சில குடும்பங்களுக்கு மருந்துக் குப்பியும் சின்ன ஊசியும் கொடுத்து, அளவைக் கோடு போட்டுக் காட்டி, செய்ய வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறோம். மருத்துவரிடம் பழகாமல் இதை வாசித்துவிட்டுச் செய்யாதீர்கள். ஊசி போட்டாலும், ஊசி கையில் இல்லையென்றாலும் உடனே 1990 சுவசெரிய. வண்டி வரும்வரை பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம், ஆனால் நடக்க விடாதீர்கள். தெளிந்த பிறகும் சில மணித்தியாலத்தில் திரும்ப வரக்கூடும் என்பதால் ஒஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

எள்ளு ஒவ்வாமை பலருக்கு வளர்ந்த பிறகும் நீடிக்கும், நாலில் ஒன்று அல்லது மூன்றில் ஒன்று அளவு பிள்ளைகளுக்குத்தான் விட்டுப்போகிறது. ஆகவே இடையிடையே மறுபடி சோதிக்கிறோம். எண் குறைந்துகொண்டு வந்தால், ஊசியும் மருந்தும் தயாராக உள்ள இடத்தில், மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கொடுத்துப் பார்ப்போம். அந்த நாள் வரும்வரை "இப்போது வளர்ந்துவிட்டான், கொஞ்சம் தொட்டுப் பார்க்கட்டும்" என்று வீட்டில் யாரும் அரைத்த எள்ளை நாக்கில் வைக்கக்கூடாது. தம்பி தங்கைகளுக்கு ஒன்றும் இல்லையென்றால் அவர்கள் எள்ளைத் தொடர்ந்து சாப்பிடட்டும், கையையும் வாயையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அண்ணனோடு விளையாடப் போனால் சரி.