எக்செலுக்கு 5.10 என்றால் 5.1 தான்

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட். போன சீசனில் அங்கே வேலை பார்ப்பவர்களுக்காக ஊட்டச்சத்து முகாம் நடத்தினேன். 112 பேர். உயரமும் எடையும் நோட்டில் எழுதிக்கொண்டு, மலை இறங்கி சேலம் வந்து எக்செலில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் பி.எம்.ஐ, கொழுப்பு நீங்கிய எடை, தினசரிக் கலோரி என்று ஒரு தாள் அச்சிட்டுக் கொடுத்தோம். அடுத்த வாரம் ஒருவர் அந்தத் தாளோடு வந்தார். 34 வயது. சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி மிளகு பறிப்பவர். "மேடம், நான் ஒல்லியா இருக்கேன்னு எங்கம்மா தினம் திட்டுறாங்க. நீங்க உடல் பருமன்னு எழுதியிருக்கீங்க" என்றார்.

தாளில் பி.எம்.ஐ 29.8 என்று இருந்தது. ஆளைப் பார்த்தாலே தெரிகிறது, எண் பொய். எடை 72 கிலோ என்பது சரி. உயரம் ஐந்தடி பத்து அங்குலம். டைப் செய்த தம்பி நோட்டில் இருந்தபடியே 5.10 என்று அடித்திருந்தார்.

கோளாறு அங்கேதான். எண்ணின் கடைசியில் வரும் பூஜ்ஜியத்தை எக்செல் வைத்துக்கொள்ளாது. 5.10 என்று அடித்து என்டர் தட்டினால் 5.1 ஆகிவிடும். நம் ஷீட்டோ அந்த எண்ணை 30.48 ஆல் பெருக்கி சென்டிமீட்டர் ஆக்கியது. 177.8 வர வேண்டிய இடத்தில் 155.4 வந்தது. பி.எம்.ஐ 22.8 இருக்க வேண்டியவர் 29.8 ஆனார்.

இந்தப் பிழையாவது ஆளைப் பார்த்தால் பிடிபடும். பிடிபடாத பிழையும் ஷீட்டின் இதே உயரப் பத்தியில் உட்கார்ந்திருந்தது. நாம் வாயால் 'அஞ்சு ஒன்பது' என்று சொல்வது ஐந்தடி ஒன்பது அங்குலம், அதாவது 175.3 செ.மீ. ஆனால் எக்செலில் 5.9 என்பது ஐந்தடியும் ஓர் அடியில் பத்தில் ஒன்பது பங்கும். அது 179.8 செ.மீ. ஆள் நாலரை சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகிறார். அதே 72 கிலோவுக்கு உண்மையான பி.எம்.ஐ 23.4, ஷீட் காட்டுவது 22.3. இந்தியர்களுக்கு நாம் 23 இலிருந்தே அதிக எடை என்றும், 25 இலிருந்து உடல் பருமன் என்றும் எடுத்துக்கொள்கிறோம். கோட்டைத் தாண்டியவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நல்ல பிள்ளையாக நிற்பார். அவரும் வந்து கேட்க மாட்டார், நமக்கும் தெரியாது.

5-10 என்று அடித்தால் தப்பிக்கலாமா? எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். தேதிக்குள் ஒளிந்திருப்பது 45 ஆயிரத்தைத் தாண்டிய ஓர் எண். பி.எம்.ஐ பூஜ்ஜியம் என்று வரும். அது பரவாயில்லை, பார்த்த உடனே உறுத்தும்.

சரி, தீர்வு. அடிக்கு ஒரு பத்தி, அங்குலத்துக்கு ஒரு பத்தி. என் ஷீட்டில் B பாலினம், C வயது, D அடி, E அங்குலம், F எடை. G இல் சென்டிமீட்டர், H இல் பி.எம்.ஐ:

```
=IF(OR(D2="",E2=""),"",(D2*12+E2)*2.54)
=IF(OR(F2="",G2=""),"",ROUND(F2/(G2/100)^2,1))
```

அங்குலம் ஏதும் இல்லை என்றால் 0 என்று அடித்தே ஆக வேண்டும். காலியாக விட்டால் உயரமும் காலியாகவே நிற்கும். வேண்டுமென்றே அப்படி வைத்தேன். அப்புறம் D, E இரண்டு பத்திகளையும் தேர்ந்தெடுத்து, Data Validation போய், Whole number என்று வைத்து 0 முதல் 11 வரை மட்டும் அனுமதியுங்கள். யாராவது பழக்கதோஷத்தில் 5.10 அடித்தால் அங்கேயே மறுத்துவிடும். நேராக சென்டிமீட்டரில் அளப்பதுதான் எல்லாவற்றையும் விட நல்லது. ஆனால் வரிசையில் நிற்பவர்கள் தங்கள் உயரத்தை அடியில்தான் கத்துவார்கள், எழுதுபவரும் அதைத்தான் எழுதுவார்.

உயரம் தப்பானால் பி.எம்.ஐ-யோடு நின்றுவிடாது. கொழுப்பு நீங்கிய எடைக்கு போயர் சூத்திரத்தையும், ஓய்வுநிலைக் கலோரிக்கு மிஃப்லின் சூத்திரத்தையும் வைத்திருக்கிறேன். இரண்டிலும் உயரம் இருக்கிறது.

```
=IF(B2="M",0.407*F2+0.267*G2-19.2,
 IF(B2="F",0.252*F2+0.473*G2-48.3,"பாலினம்?"))

=IF(B2="M",10*F2+6.25*G2-5*C2+5,
 IF(B2="F",10*F2+6.25*G2-5*C2-161,"பாலினம்?"))
```

மிளகு பறிப்பவருக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். சரியான உயரத்தில் கொழுப்பு நீங்கிய எடை 57.6 கிலோ, தப்பான உயரத்தில் 51.6. ஆறு கிலோ தசையும் எலும்பும் காணாமல் போய் கொழுப்புக் கணக்கில் ஏறியிருந்தன. ஓய்வுநிலைக் கலோரி 1666 என்பது 1527 ஆனது. அவர் வேலைக்கு 1.55 ஆல் பெருக்கினால் 2583 வேண்டும், ஷீட் சொன்னது 2366. பி.எம்.ஐ 25 ஐத் தாண்டியவர்களுக்கு 500 குறைக்கும்படி வேறு ஒரு வரி எழுதியிருந்தேன். கடைசியில் தாளில் அச்சானது 1866. நாளெல்லாம் சரிவில் ஏறி இறங்குகிற மனிதருக்கு 700 கலோரிக்கு மேல் வெட்டியிருக்கிறேன்.

அந்தச் சூத்திரங்களில் M, F இரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். முன்பெல்லாம் "M இல்லை என்றால் பெண்" என்று சுருக்கமாக எழுதியிருந்தேன். M-க்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தால் போதும், எக்செலுக்கு அது M இல்லை. அந்த ஆண் சத்தமில்லாமல் பெண் சூத்திரத்துக்குப் போய் 166 கலோரி இழப்பார். இப்போது அந்தக் கட்டத்தில் "பாலினம்?" என்று வந்து நிற்கிறது. தப்பான எண்ணை விட இப்படிக் கேள்வி வருவதே மேல். அதனால்தான் உயரம் காலியாக இருந்து கலோரி கட்டத்தில் #VALUE! வந்தாலும் அதை IFERROR போட்டு மறைப்பதில்லை.

இன்னொன்று, எங்கள் தொழிலில் இருப்பவர்களே செய்கிற தப்பு. கொழுப்பு நீங்கிய எடையிலிருந்து கலோரி கணக்கிட கேட்ச்-மெக்கார்டில் சூத்திரம் இருக்கிறது: 370 உடன், ஒரு கிலோவுக்கு 21.6 கூட்ட வேண்டும். போயர் தரும் 57.6 ஐ அதில் போட்டால் 1614 வரும். உடலமைப்பைப் பார்த்துச் சொன்ன கணக்கு போலத் தெரியும். ஆனால் போயருக்குத் தெரிந்ததே உயரமும் எடையும் பாலினமும்தான். அதே 72 கிலோ, அதே உயரத்தில், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் அதே 57.6 தான் வரும். தோல் மடிப்பை அளந்தோ, கருவியில் நிற்கவைத்தோ கொழுப்புச் சதவீதம் உண்மையாக எடுத்திருந்தால் மட்டும் அந்தச் சூத்திரத்துக்குப் போங்கள். இல்லையென்றால் மிஃப்லினே போதும். அதுவும் தொடக்க எண்தான். மூன்று நான்கு வாரம் கழித்து எடை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துத்தான் திருத்துவேன்.

பழைய ஷீட்டைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் வயிற்றில் புளி கரைத்தது. 5.4, 5.6 எல்லாம் பிரித்துவிடலாம். 5.1 என்று ஒன்பது வரிகள் இருந்தன. அதில் எது ஐந்தடி ஒன்று, எது ஐந்தடி பத்து என்று எந்தச் சூத்திரத்தாலும் சொல்ல முடியாது. தகவல் டைப் செய்த நொடியிலேயே அழிந்துவிட்டது. நல்லவேளை, முகாம் நோட்டைத் தூக்கிப் போடவில்லை. அதைப் பார்த்ததில் இரண்டு பேர் 5.10, ஆறு பேர் 5.1. ஒருவருடைய வரியில் மட்டும் காபிக் கறை படிந்து கடைசி எழுத்து தெரியவில்லை. அவருக்காக 20 கொண்டை ஊசி வளைவும் மறுபடி ஏறிப் போய்ச் சுவரோடு நிற்க வைத்து அளந்தேன். 155 சென்டிமீட்டர்.